ஒரே பக்கத்தில் அரை ஆயுள்

நிவேதிதாவின் சார்ட்டில் தப்பு இருக்கும் என்று நினைக்கக்கூட அந்தக் கல்லூரியில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஒரே ஒருத்தருக்கு வந்தது. அவர் வாயை நிவேதிதாவே அடைத்துவிட்டாள்.

பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டில் முதல் மாணவி அவள். பத்தாம் வகுப்பிலிருந்தே முதல் ரேங்க் வாங்கி வாங்கி, தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பயோஃபார்மசூட்டிக்ஸ் பாடத்தின் முக்கால் பங்கை ஒரே ஒரு ஏ4 பக்கத்துக்குள் அடக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வாய் வழியே போன மருந்து உடம்பில் என்ன பாடுபடுகிறது என்பது நான்கு பெட்டிகளில் இருந்தது. மாத்திரை கரைந்து குடலில் உறிஞ்சப்படுவதும், ரத்தத்துக்குப் போகும் வழியிலேயே கல்லீரல் அதில் ஒரு பங்கைக் காலி செய்துவிடுவதும் முதல் பெட்டி. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து சும்மா கிடக்க, ஒட்டாத மருந்து மட்டும் திசுக்களுக்குப் போய் வேலை செய்வது இரண்டாவது. கல்லீரல் அதை முதலில் ஆக்சிஜனேற்றம் போன்ற வேலைகளால் மாற்றி, பிறகு வேறொன்றோடு இணைத்து நீரில் கரையும்படி செய்வது மூன்றாவது. சிறுநீரகம் வடிகட்டி, சுரந்து, கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சி, மிச்சத்தை வெளியே தள்ளுவது நான்காவது. நான்கு நிறம், நான்கு அம்புக்குறி. அடியில் ஒரு பட்டையில் அரை ஆயுள் கண்டுபிடிக்கும் கணக்கு, அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது, மூன்றே படிகளில் இருந்தது.

துறையின் அறிவிப்புப் பலகையில்கூட அதை ஒட்டினார்கள். பாடம் எடுக்கும் ஆசிரியர் நான்கு பெட்டிகளையும் பார்த்து 'பிரமாதம்' என்றார். அடிப்பட்டையை அவர் படிக்கவில்லை. அங்கே எழுத்து அவ்வளவு பொடிசு.

படித்தது ஜெகதீஷ். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டுக்காரர், நிவேதிதாவுக்கு இரண்டு வருடம் மூத்தவர். மற்ற எல்லாப் பாடமும் முடித்துவிட்டு இந்த ஒரு பேப்பரில் மட்டும் மூன்று முறை கவிழ்ந்தவர். அரியர் எழுதுகிறவர்களையும் குழுவில் சேர்த்திருந்ததால் அவரும் இருந்தார். 'அடியில கீற கணக்குல எல்.என். வராதே, லாக் தானே வரும்?' என்று, இரண்டு வகை மடக்கைகளில் எது சரி என்று, ஒரு வரி கேட்டிருந்தார். நிவேதிதா அப்போது முகப்பேர் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்தாள். மேலே கம்பி, கையில் ஃபோன், காலை யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள். சார்ட்டைத் திறந்து பார்க்கவேயில்லை.

'மூணு தடவை ஃபெயில் ஆனவங்க சொல்றதை நம்புறதா, புக்கை நம்புறதா?' என்று தட்டிவிட்டாள்.

அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டின. கொஞ்ச நேரத்தில் ஜெகதீஷ் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். வாய்க்கொழுப்பு என்று வேறு எதைச் சொல்வது? ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது நல்ல நகைச்சுவையாகத்தான் தெரிந்தது.

பரீட்சை நாளன்று காலை எட்டேகாலுக்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறும்போதுகூட அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். பக்கத்தில் வகுப்புத் தோழி சபீனா. கால்குலேட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நேரக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நிவே, இது ஒரு மாதிரி வருதுடி" என்றாள் சபீனா. "எண்பது இருந்த மருந்து ஆறு மணி நேரத்துல இருபது ஆகுது. உன் சார்ட்படி போட்டா ஹாஃப் லைஃப் ஒண்ணு புள்ளி மூணு வருது. பின்னாடி ஆன்சர் மூணுன்னு போட்டிருக்கான்."

"கால்குலேட்டர் மோடைப் பாரு."

"பார்த்துட்டேன். மூணு தடவை போட்டுட்டேன்."

"அப்போ ஆன்சர் தப்பா பிரிண்ட் ஆகியிருக்கும்" என்றாள் நிவேதிதா. புத்தகத்தில்கூட தப்பு இருக்கலாம், தன்னிடம் இருக்காது என்பது அவள் எண்ணம்.

ஆனாலும் மனம் சும்மா இருக்கவில்லை. எண்பது பாதியானால் நாற்பது. நாற்பது பாதியானால் இருபது. இரண்டு முறை பாதியாக ஆறு மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்படியானால் ஒரு முறைக்கு மூன்று. கால்குலேட்டரே வேண்டாம், விரல் விட்டு எண்ணினால் போதும்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சபீனாவிடமிருந்து சார்ட்டைப் பிடுங்கி அடிப்பட்டையைப் படித்தாள். 'முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்து எல்.என். எடுக்கவும். அதை 2.303-ஆல் பெருக்கி, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் கே (மருந்து வெளியேறும் வேகம்). 0.693-ஐக் கே-யால் வகுத்தால் அரை ஆயுள்.'

எங்கே சறுக்கியது என்று உடனே தெரிந்துவிட்டது. ஒரு புத்தகம் எல்.என். வைத்து நேராகப் போட்டிருந்தது. இன்னொன்று பத்தடிமான லாக் எடுத்து, அதை ஈடுகட்ட 2.303-ஆல் பெருக்கியிருந்தது. இரண்டும் ஒரே விடைதான் தரும். இரண்டு முறையையும் தனித்தனியாக எழுத இடம் போதவில்லை. ஒரே வரியாக நெருக்கியபோது இதிலிருந்து எல்.என்., அதிலிருந்து 2.303 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. இரண்டாம் பக்கம் போகக் கூடாது என்ற வீம்பில், சரிபார்க்கும் மாதிரிக் கணக்கையும் அவளே அழித்திருந்தாள்.

"தப்புடி" என்றாள். "என் தப்பு. 2.303 போட்டா லாக் தான் வரணும்."

அவசரமாகக் குழுவைத் திறந்தாள். என்ன எழுதுவது? 'நான் தப்பாகப் போட்டுவிட்டேன்' என்று தட்டினாள், அழித்தாள். கடைசியில், 'சார்ட் கடைசி வரில சின்ன பிரிண்ட் மிஸ்டேக். எல்.என். பதிலா லாக்' என்று அனுப்பினாள். அவளே கையால் எழுதிய சார்ட்டில் பிரிண்ட் மிஸ்டேக் எங்கிருந்து வந்ததோ! கட்டைவிரல் பொம்மைகள் வர ஆரம்பித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஜெகதீஷ் அண்ணா குரூப்ல இல்லையே" என்றாள் சபீனா.

"அவருக்கென்ன? லாக்குன்னு சொன்னவரே அவர்தானே."

"முந்தாநாள் ஜெராக்ஸ் கடையில பார்த்தேன். உன் சார்ட்டைத்தான் எடுத்துட்டிருந்தாரு. கேட்டதுக்கு, 'நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிட்டாங்க, அப்போ நான் தான் இத்தினி நாளா தப்பா போட்டுக்கினு இருந்தேன் போல'ன்னாரு. உட்கார்ந்து உன் முறையிலயே மனப்பாடம் பண்ணிட்டிருக்காராம்."

ஜெகதீஷுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை காத்திருந்தது. எல்லாப் பேப்பரும் முடித்த சான்றிதழோடு அடுத்த மாதம் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. இது கல்லூரி முழுக்கத் தெரிந்த சங்கதி. போன முறை அவர் தவறியது நான்கு மார்க்கில். இந்தக் கணக்கு வந்தால் பத்து மார்க்.

சபீனா அவருக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். மறுபடியும் போட்டாள். அதே.

ஆவடியில் இறங்கி இருவரும் ஓடினார்கள். பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஆனால் பருத்திப்பட்டு தாண்டவே அரை மணி நேரம் ஆயிற்று. எதிரே ஒரு தண்ணி லாரி திரும்பமுடியாமல் நின்றது. ஆட்டோ டிரைவர் இறங்கி லாரிக்காரரோடு சண்டைக்குப் போனார். "அண்ணே, எக்ஸாம்ணே!" என்று சபீனா கத்தினாள். "இன்னாம்மா பண்ண சொல்ற, பறக்கவா முடியும்?" என்றார் அவர், நியாயமாகவே. நிவேதிதா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள். ஒன்பதரைக்கு ஹால் திறப்பார்கள். உள்ளே போய்விட்டால் அப்புறம் ஒரு வார்த்தை பேச முடியாது.

ஒன்பது இருபத்தெட்டுக்குக் கல்லூரி வாசலில் இறங்கி, இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள். ஜெகதீஷ் வாசலில் இல்லை, டீக்கடையில் இல்லை, நூலகப் படியிலும் இல்லை. முதல் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பைகளை ஓர் அறையில் போட்டுவிட்டு மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில், தகரக் கூரையின் கீழ், தன் பைக் மேல் உட்கார்ந்திருந்தவரை நிவேதிதா கண்டுபிடித்தாள். கையில் அவளுடைய சார்ட். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஜெகதீஷ் அண்ணா! அந்தக் கணக்கு தப்பு. எல்.என். இல்ல, லாக்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"இன்னா சொல்ற?"

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. நான் மாத்திப் போட்டுட்டேன்."

"இப்போ வந்து சொல்ற? அரை மணியில எக்ஸாமு. ரெண்டு நாளா இத்தையே உருப்போட்டுக்கினு கீறேன். நாப்பது கணக்கு போட்டுட்டேன் இந்த மாதிரி. அன்னிக்கு நான் கேட்டப்போ இன்னா சொன்ன நீ?"

"தெரியும்ணா. ஸாரி."

"ஸாரி இருக்கட்டும். இப்போ நான் எத்த நம்புறது? அன்னிக்கும் நீ தான் சொன்ன, இன்னிக்கும் நீ தான் சொல்ற."

கோபத்தைவிட அதில் பயம்தான் அதிகம் இருந்தது. நிவேதிதாவுக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. என் பேச்சை நம்புங்கள் என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தரையில் குந்தி, கிடந்த ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்துச் சிமெண்ட்டில் கிறுக்கினாள்.

"என்னை நம்ப வேணாம். நாப்பது இருக்கு. பத்து மணி நேரத்துல பத்து ஆகுது. நாப்பது பாதியானா இருபது, இருபது பாதியானா பத்து. ரெண்டு பாதி, பத்து மணி நேரம். ஒரு பாதிக்கு எவ்வளவு?"

"அஞ்சு."

"இப்போ லாக் போட்டுப் பாருங்க."

அவர் கால்குலேட்டரை எடுத்தார். நாலுக்கு லாக் 0.602. 2.303-ஆல் பெருக்கி, பத்தால் வகுத்தால் 0.1386. அதனால் 0.693-ஐ வகுத்தார். திரையில் ஐந்து நின்றது. பிறகு அவராகவே எல்.என். போட்டார். இரண்டு புள்ளி ஒன்று ஏழு.

தரையில் அவள் கிறுக்கியிருந்ததைக் குனிந்து பார்த்தார். "பாதி பாதியா போட்டாலே தெரிஞ்சுடுதே. இது ஏன் சார்ட்டுல இல்ல?"

"இடம் பத்தலண்ணா."

இரண்டாவது மணி அடித்தது. ஜெகதீஷ் சார்ட்டை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மாடி ஏறினார். அவள் பின்னால் ஓடினாள்.

இருவருக்கும் ஒரே ஹால். அவர் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் ஹேமநாதன் கேள்வித்தாளைக் கொடுத்தார். நிவேதிதா முதலில் பார்த்தது நெடுவினாப் பகுதியைத்தான். இருந்தது. ஊசி மூலம் செலுத்திய மருந்து, ஒரு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அறுபத்து நாலு, பதின்மூன்று மணி நேரம் கழித்து எட்டு. அரை ஆயுள் காண்க, படிகளுடன் எழுதுக. அறுபத்து நாலு, முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு. மூன்று பாதி, பன்னிரண்டு மணி நேரம். நான்கு. அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முன்னால் பார்த்தாள். ஜெகதீஷ் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுதினார். நிறுத்தினார். பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மறுபடி தட்டினார்.

போடுங்கண்ணா, லாக் போடுங்க என்று அவளுக்குள் ஒரு குரல் கூவிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தால் இருவர் தாளும் போய்விடும். அவள் தலையைக் குனிந்து தன் விடையை எழுதினாள். அரை மணி கழித்து நிமிர்ந்தபோதும் அவர் அதே பக்கத்தில்தான் இருந்தார். ஓரத்தில் பாதி பாதியாக எண்களை எழுதுவது போலத் தெரிந்தது. கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஹேமநாதன் அவர் பக்கத்தில் போய் நின்றார், எட்டிப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். இன்னொரு கோடு இழுபட்டது. பதினொன்றரைக்கு மேல்தான் அவர் பக்கத்தைத் திருப்பினார். அதற்கப்புறம் தலை நிமிராமல் வெறி பிடித்தவர் போல எழுதினார்.

ஒரு மணிக்குத் தாளை வாங்கும்போது அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். "போதும்ப்பா, வெச்சுடு" என்று ஹேமநாதன் இழுத்து வாங்கவேண்டியிருந்தது.

நிவேதிதா படியிறங்கி அவருக்காகக் காத்திருந்தாள். உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்? சரியான நேரத்தில் வந்து சொல்லிவிட்டோம், காப்பாற்றிவிட்டோம் என்று. அவர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"அந்தக் கணக்கு, அண்ணா?"

"நாலு மணி நேரம். கரெக்டா?"

"கரெக்ட்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ பாஸ்தான்."

ஜெகதீஷ் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். காலையில் இருந்த கோபம் இப்போது இல்லை. அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"மூணு ஷார்ட் ஆன்சர் தொடவேயில்ல. டைம் இல்ல" என்றார். "எப்படிக் கூட்டினாலும் பாஸ் மார்க்குக்கு ரெண்டு கம்மியா தான் நிக்குது."

"ஏன்ணா? கணக்குதான் சரியா வந்துடுச்சே?"

"வந்துச்சு. லாக் போட்டேன், நாலு வந்துச்சு. அப்புறம் உன் சார்ட்டு ஞாபகம் வந்துச்சு, அடிச்சுட்டேன். எல்.என். போட்டேன். பாதி பாதியா போட்டுப் பார்த்தேன், நாலு தான். அப்பவும் கை எழுத மாட்டேங்குது. அன்னிக்குச் சிரிச்சாங்களே எல்லாரும், அது ஞாபகம் வருது. திரும்ப மொதல்லேர்ந்து." அவர் பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "மூணு தபா ஃபெயில் ஆனேன், நெசம் தான். ஆனா மூணு தபாவும் இந்தக் கணக்கை மட்டும் லாக் வெச்சு சரியா தான் போட்டிருக்கேன், நிவேதிதா. இந்தப் பேப்பர்லயே எனக்குச் சந்தேகம் வராம இருந்தது இது ஒண்ணு தான். கண்ணை மூடிக்கினு பத்து நிமிஷத்துல போடுவேன். இன்னிக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆவடி பக்கம் போய்விட்டார்.